உங்க பேரை எப்படிச் சொல்லணும்?

திங்கட்கிழமை முதல் உங்கள் பிரிவில் Soumya என்றொருவர் சேர்கிறார். வெள்ளிக்கிழமை மாலை மனிதவளத் துறையிலிருந்து அப்படியொரு மின்னஞ்சல் வருவதாக வைத்துக்கொள்வோம். இடம் சென்னை, பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகம். படித்த எல்லோர் மனத்திலும் உடனே ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொள்கிறார்: சௌமியா. “நம்ம டீமுக்கு இன்னொரு லேடி வர்றாங்க” என்று ஒருவர் சந்தோஷப்படவும் செய்கிறார். திங்கட்கிழமை காலை வந்து நிற்பவரோ கொல்கத்தாக்காரர், தாடி வைத்த ஆண். அவர் பெயர் சௌமியாவும் இல்லை. அவர் வாயால் சொல்லும்போது அது ஏறக்குறைய ‘ஷௌம்மொ’ என்று கேட்கிறது.

மின்னஞ்சலில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. வங்காளத்தில் ஸகரம் பெரும்பாலும் ஷகரமாகத்தான் ஒலிக்கும். நாம் அகரம் சொல்லும் பல இடங்களில் அவர்கள் ஒகரம் சொல்வார்கள். மெய்யோடு ஒட்டி வரும் யகரம் தன் ஒலியை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் மெய்யை இரட்டிக்கச் செய்யும். இந்த மூன்றும் சேர்ந்தால் ‘ஸௌம்ய’ என்பது ‘ஷௌம்மொ’ ஆகிவிடும். நாம் அமர்த்தியா சென் என்று படித்துப் பழகிய பொருளாதார மேதையின் பெயர் அவர் ஊரில் ‘ஒமொர்த்தொ’ போல ஒலிக்கும். சத்யஜித் ராய் அங்கே ‘ஷொத்தொஜித்’. வகரம் பகரமாவதால் விவேக் என்ற பெயர் ‘பிபேக்’ ஆகும்.

நமக்குத் தெரியாத பெயர்கள் முதலில் வந்து சேர்வது ஆங்கில எழுத்தில்தான். அந்த இருபத்தாறு எழுத்தை ஒவ்வொரு மொழிக்காரரும் தன் காதுக்கு ஏற்றபடி பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாமோ அதைத் தமிழ்நாட்டுக் கணக்கில் படித்துவிடுகிறோம். 2014 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் இந்தியா வந்தபோது, தூர்தர்ஷன் செய்தி வாசிப்பாளர் ஒருவர் Xi என்பதை ரோமன் எண்ணாக எடுத்துக்கொண்டு ‘லெவன் ஜின்பிங்’ என்று வாசித்தார். வேலையும் போனது. நாடே சிரித்தது. ஆனால் அவர் செய்ததும் ஷௌம்மொவைச் சௌமியா ஆக்கிய நாம் செய்ததும் ஒரே காரியம்தான். இருவருமே கண்ணால் பார்த்ததை நம்பினோம், காதால் கேட்கவில்லை.

சீனா வரை போக வேண்டியதில்லை. th என்ற இரண்டு எழுத்தை மட்டும் பாருங்கள். தமிழில் டகரமும் உண்டு, தகரமும் உண்டு. டகரத்துக்கு t கொடுத்துவிட்டதால் தகரத்துக்கு th வைத்துக்கொண்டோம். அதனால் நம் ஊரில் கீதா என்பவர் Geetha. இந்திக்காரர்களுக்குத் தகரமே இரண்டு: மூச்சு சேராதது ஒன்று, மூச்சைத் தள்ளிச் சொல்வது ஒன்று. அவர்கள் th என்பதை மூச்சுத் தகரத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள், சாதாரணத் தகரத்துக்கு t போதும். ஆகவே அங்கே கீதா என்பவர் Geeta. டெல்லி அலுவலகத்தில் நம் கார்த்திக்கை, தகரத்தில் காற்றை ஊதிக் கூப்பிடுவது இதனால்தான். Mohit என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் ‘மோஹிட்’ என்று கூப்பிடுவதும் இதனால்தான், அவர் மோஹித். இரு தரப்பிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

zh என்பதன் கதை இன்னும் வேடிக்கை. நமக்கு அது ழகரம். கனிமொழி, எழில், யாழினி எல்லாம் அதை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. சீனப் பெயரில் அதே zh ஜகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் ஒலி. Zhang என்று வந்தால் ‘ஜாங்’ என்று ஆரம்பிப்பதுதான் உண்மைக்கு அருகில் வரும். நம் யாழினி வேற்றூரில் ‘யாஸினி’ ஆகிப் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், ஜாங் நம்மிடம் என்ன பாடுபடுவார் என்று தெரியும்.

இதற்கெல்லாம் விதிகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் ஆயிற்றே என்று தோன்றலாம். ஆகாது. விதி தெரிந்திருப்பது நல்லதே, எங்கே தடுக்கும் என்று காது முன்கூட்டியே தயாராக இருக்கும். ஆனால் கடைசி வார்த்தை பெயருக்கு உரியவருடையது. அயர்லாந்து நடிகை ஒருவர் இருக்கிறார், Saoirse Ronan. அவர் தன் பெயரைச் ‘சர்ஷா’ என்கிறார். அதே நாட்டில் அதே பெயருள்ள வேறு பலர் ‘சீர்ஷா’ என்கிறார்கள். இரண்டும் சரி. கொல்கத்தா ஷௌம்மொவே பெங்களூரில் வளர்ந்தவராக இருந்தால், “சௌம்யான்னே கூப்பிடுங்க, எனக்கு அதுதான் பழக்கம்” என்று சொல்லக்கூடும். அப்போது உங்கள் வங்காள இலக்கண ஞானத்தை அவரிடம் காட்டினால் அது அதிகப்பிரசங்கித்தனம்.

ஆகவே கேட்க வேண்டும். எப்போது கேட்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதல் நாள், முதல் சந்திப்பில், கை கொடுக்கும்போதே கேட்டுவிட்டால் அது விசாரிப்பு. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். நடுவில் நம் ஊரில் ஒரு வசதியான ஒளிவிடம் வேறு உண்டு: சார், மேடம், பாஸ், பிரதர், ஜி. பெயர் வாயில் நுழையாதவரை இவற்றிலொன்றைப் போட்டே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். உங்களோடு தினமும் டீ குடிக்கிற ஒருவரை நீங்கள் ஜி, ஜி என்று மட்டுமே கூப்பிடுகிறீர்கள், மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்றால், அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

கேட்கிற வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். தமிழ் தெரிந்தவரானால், “உங்க பேரை நான் சரியாச் சொல்லணும், ஒரு தடவை நீங்க சொல்லுங்களேன்” என்றால் போதும். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால், “ஐ வான்ட் டு சே யுவர் நேம் ரைட். ஹௌ டு யூ சே இட்?” இந்த இரண்டிலுமே சுமை நம் பக்கம் இருக்கிறது, சரியாகச் சொல்ல வேண்டியவர் நாம். இதையே “என்னங்க, உங்க பேரு வாயிலயே நுழைய மாட்டேங்குது” என்று ஆரம்பித்தால் சுமை அவர் தலைக்குப் போய்விடும், ஏதோ அவர் கரடுமுரடாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து நமக்குத் தொந்தரவு கொடுக்கிற மாதிரி. “சுருக்கமா என்னன்னு கூப்பிடலாம்?” என்பதும் அந்த வகைதான். சுருக்கப் பெயர் இருந்தால் அவரே சொல்வார். நாமாக ‘சௌம்ஸ்’ என்று பட்டம் கட்டக் கூடாது.

“வீட்டுல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?” என்ற நம் வழக்கமான கேள்வியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வங்காளிகளுக்குப் பெரும்பாலும் பெயர் இரண்டு. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ‘பாலோ நாம்’, அதாவது நல்ல பெயர். வீட்டுக்கும் நெருங்கிய சிநேகிதர்களுக்கும் ‘டாக் நாம்’, கூப்பிடும் பெயர். வீட்டுப் பெயரைக் கேட்டால் அவர் கொஞ்சம் நெளிந்துகொண்டே, குழந்தையில் வைத்த செல்லப் பெயரைச் சொல்லிவிடுவார். அடுத்த நாள் அலுவலகம் முழுக்க அதையே கூவும். கேட்க வேண்டியது, “இந்தப் பேரை உங்க ஊர்ல எப்படிச் சொல்வாங்க?” என்று.

அவர் சொன்னதும் உடனே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். “ஓ, ஓகே ஓகே” என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் திருத்த முடியும். நீங்கள் “சௌம்யோ?” என்கிறீர்கள். அவர் “ஷௌம்மொ” என்கிறார். நீங்கள் மறுபடி “ஷௌம்மொ” என்கிறீர்கள். அவர் முகம் தெளிகிறது. மொத்தம் பத்து நொடி வேலை. மூன்றாவது முறையும் சரியாக வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். “மத்தியானம் மறுபடியும் கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நான்கு பேர் நடுவில் அவரைப் பெயர்ப் பாடம் நடத்த வைப்பது அவருக்கும் சங்கடம்.

“எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க, பரவாயில்லை” என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது சம்மதமா சலிப்பா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பெயரைச் சொன்ன பிறகு அவர் பேசும்போது, தன் பெயரைத் தன் ஒலியிலேயே நுழைத்துச் சொன்னால் அது நாசூக்கான திருத்தம். தொலைபேசியில் “ஹலோ, ஷௌம்மொ ஹியர்” என்று ஆரம்பித்தாலும் அதேதான். பதில் சொல்லுமுன் ஒரு கணம் தயங்குவதும் அடையாளம். அப்படி ஏதாவது தெரிந்தால் தனியாக இருக்கும்போது, “நான் தப்பாச் சொல்றேன்னு நினைக்கிறேன், இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுவிடுவது உத்தமம்.

கேட்டாயிற்று. இனி எழுதிக்கொள்ள வேண்டும். எழுத வேண்டியது ஆங்கிலத்தில் அல்ல, தமிழில். ஆங்கில எழுத்து நம்மை ஏற்கெனவே ஒரு முறை கவிழ்த்தது. தமிழ் எழுத்தில் சில வசதிகள் உண்டு. வங்காளிக்குத் தேவையான குறில் ஒகரம் நம்மிடம் இருக்கிறது, தேவநாகரியில் வழக்கமான எழுத்தாக அது கிடையாது. வியட்நாமில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் குடும்பப் பெயராக இருக்கும் Nguyen என்பதன் முதல் ஒலி நம் ஙகரம். உலகமே அந்த Ng முன்னால் திணறிக்கொண்டிருக்கிறது. நாம் ‘அங்ஙனம்’ என்பதில் அகரத்தை விட்டுவிட்டு ஆரம்பித்தால் வந்துவிடும்.

தமிழ் எழுத்தில் இல்லாதது, க ச ட த ப என்ற ஐந்துக்கும் உள்ள நான்கு நான்கு வகை. பவ்யா என்று எழுதினால் அதன் முதல் பகரம் எது என்று தெரியாது. இதற்கு நம் வீட்டுப் பூஜை அலமாரியிலேயே வழி இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான சமஸ்கிருத சுலோகப் புத்தகங்களில் எழுத்தோடு ஒட்டிப் பொடியாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்களே, அதுதான். எண் இல்லாவிட்டால் சாதாரணப் பகரம். 2 என்றால் அதையே மூச்சோடு சொல்ல வேண்டும். 3 என்றால் ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் பகரம். 4 என்றால் அந்த மூன்றாவதை மூச்சோடு. பிபேக்கைப் பி₃பே₃க் என்று குறித்துக்கொண்டால் பின்னால் சந்தேகமே வராது. குறிப்பை அவர் கண் முன்னால் கைப்பேசியில் போட்டுக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. நான் பார்த்தவரையில் பலருக்கு அது சந்தோஷமாகவே இருக்கிறது.

எந்தப் பெயரைக் குறிப்பது என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். வியட்நாமியர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் கடைசியில். மரியாதையாகக் கூப்பிடும்போதும் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சீனரிலும் குடும்பப் பெயர்தான் முதலில். நம்மவர்களுக்கோ குடும்பப் பெயரே இல்லை, அப்பா பெயர் இருக்கிறது. கடவுச்சீட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதிவிட்டு வெளிநாடு போன தமிழர்களை அங்கே அலுவலகம் முழுக்க அப்பா பெயரால் கூப்பிடுகிறது. அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நினைவு. பெயர் மறந்துபோவதற்கு அக்கறையின்மையைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆய்வாளர்கள் வேறு காரணங்களைக் கண்டிருக்கிறார்கள். 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு சொல்லை முறைப்படி உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு எந்தச் சொற்கள் நினைவிருக்கின்றன என்று கேட்டார். தன் முறைக்குச் சற்று முன்னால் படிக்கப்பட்ட சொற்கள்தான் அவரவருக்கும் நினைவில் நிற்கவில்லை. அடுத்தது நாம் பேச வேண்டும் என்கிற பரபரப்பில் காது அடைத்துப்போகிறது. புதியவர் சேரும் நாளில் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்கிறோமே, அதே ஏற்பாடு! உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெயரை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அறிமுகக் கூட்டத்தில் பெயர் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பிப் பயனில்லை. கூட்டத்துக்கு முன்போ பின்போ, இருவர் மட்டும் இருக்கும்போது கேட்பதுதான் நிற்கும்.

இன்னொரு சோதனை 1987-இல் பிரிட்டனில் நடந்தது. முகங்களைக் காட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரையும் ஒரு தொழிலையும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே ‘பேக்கர்’ என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுபவர் என்ற தொழிலாகவும் இருக்கும். அதே சொல் தொழிலாக வந்தபோது நினைவுக்கு வந்தது, பெயராக வந்தபோது நழுவியது. ரொட்டி சுடுபவர் என்றால் அடுப்பும் மாவும் வாசனையும் கூடவே வருகின்றன. பெயர் என்றால் ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. எனவே ஒட்டுவதற்கு எதையாவது நாம்தான் கொடுக்க வேண்டும். “கொல்கத்தாவில எந்தப் பக்கம்?”, “இதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தீங்க?” என்று கேட்டு, பதில் வந்ததும் பெயரோடு சேர்த்து மனத்தில் ஒரு வாக்கியமாக்கிக்கொள்ளுங்கள். ‘ஹௌராக்காரர் ஷௌம்மொ, டெஸ்டிங், ஜன்னலோரம்’ என்பது போல. பெயரைக் கேலியான தமிழ்ச் சொல்லோடு முடிச்சுப் போட்டு நினைவு வைக்கும் வித்தை ஒன்று உண்டு. எனக்கு அது பிடிக்காது. என்றாவது ஒரு நாள் அந்தக் கேலிச்சொல்லே வாயில் வந்துவிடும்.

அதன் பிறகு தேவைப்படுவது இடைவெளி. லேண்டவரும் பியோர்க்கும் 1978-இல் பெயர்களை வைத்தே செய்த சோதனையில், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நினைவுபடுத்திப் பார்ப்பது சம இடைவெளியில் பார்ப்பதைவிட நன்றாக வேலை செய்தது. அலுவலகத்தில் இதற்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். கேட்டவுடன் ஒரு முறை சொல்லியாயிற்று. விடைபெறும்போது, “சரி ஷௌம்மொ, அப்புறம் பார்க்கலாம்” என்று இன்னொரு முறை. மதியம் சாப்பிடப் போகும்போது ஒரு முறை, மாலை கிளம்பும்போது ஒரு முறை. மறுநாள் காலை அவர் இருக்கையைத் தாண்டும்போது, குறிப்பைப் பார்க்காமல் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வணக்கம் சொல்லுங்கள். பார்க்காமல் எடுப்பதுதான் முக்கியம். பார்த்துப் படித்தால் படித்ததாகத்தான் ஆகும். அதற்காக வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர் சொல்லக் கூடாது. அப்படிப் பேசினால் பாலிசி விற்க வந்தவர் மாதிரி இருக்கும்.

அப்படியும் தவறும். தவறினால் நடு வாக்கியத்திலேயே “சௌமியா… ஸாரி, ஷௌம்மொ” என்று திருத்திக்கொண்டு மேலே போய்விடலாம். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால், “பரவாயில்லீங்க” என்று நம்மைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அவருக்குச் சேர்ந்துவிடும். பெயரே மறந்துபோயிருந்தால், “உங்களை நல்லா ஞாபகம் இருக்கு, பேர் மட்டும் வர மாட்டேங்குது” என்பது கௌரவமான வாக்கியம். அவர் இல்லாத இடத்தில் மேலாளர் ‘சௌமியா’ என்று சொல்லும்போது, அடுத்த வாக்கியத்தில் நீங்கள் “ஷௌம்மொகிட்ட கேட்டுடறேன் சார்” என்று சொன்னால் போதும். திருத்தியது போலவே இருக்காது.

இவ்வளவும் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும். உங்கள் பெயரில் ழகரமோ தகரமோ இருந்து, வேற்று ஊர்க்காரர்களோடு நீங்கள் வேலை செய்பவராக இருந்தால், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். லிங்க்ட்இன் தளத்தில் 2020 முதல், தன் பெயரைத் தானே பத்து நொடிக்குள் பேசிப் பதிந்து வைக்கும் வசதி இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் உங்கள் சுயவிவரத்தைத் திறந்து பதியலாம். இரைச்சல் இல்லாத இடத்தில் நின்று, சாதாரண வேகத்தில் ஒரு தடவை, கொஞ்சம் நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொல்லுங்கள். அப்பா பெயர் எது, உங்கள் பெயர் எது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.